√tan x என்னும் அறைகூவல்

(சென்னை, மயிலையில் தமிழன்பர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



“தமிழில் பாட்டு எழுதலாம், பக்கம் பக்கமாக உரை எழுதலாம், உயர்கணக்கை மட்டும் தமிழில் நடத்த இயலாது” என்று சொல்லித் திரிவார் இன்றும் நம்மிடையே உளர். அவருள் ஒருவர், தியாகராயர் நகரில் நுழைவுத் தேர்வுக்கு மாணவரைப் பயிற்றுபவர், அண்மையில் எனக்கு ஓர் அறைகூவல் விடுத்தார். அவர் பெயர் இங்கு வேண்டா, கூற்றே போதும். “ஒரே வரிக் கணக்குத் தருகிறேன். tan x என்பதன் இருபடிவேரைத் தொகையிட்டுக் காட்டுங்கள். தொடக்கம் முதல் முடிவு வரை தமிழிலேயே சொல்லுங்கள். பாதி வழியில் ஆங்கிலத்தைத் தேடி ஓடுவீர்கள்” என்றார்.

யான் தமிழாசிரியன், கணக்காசிரியன் அல்லேன். ஆயினும் கல்லூரியில் கற்ற கணக்கைத் தூசி தட்டி எடுத்து, எம் பள்ளிக் கணக்காசிரியரோடு நான்கு மாலைப்பொழுதுகள் அமர்ந்து, அக்கணக்கை அடிமுதல் நுனிவரை ஆராய்ந்தேன். அதனையே இன்று இக்கரும்பலகையில் உங்கள் முன் வைக்கிறேன். இயலுமா இயலாதா என்பதை நீங்களே தீர்ப்பளியுங்கள்.

முதற்கண் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வோம். குறி வேறு, சொல் வேறு. ∫, √, tan, u என்பன குறிகள். உலகம் முழுவதும் அவை ஒன்றே. சீனனும் உருசியனும் அவற்றை எழுதிக்கொண்டு தத்தம் மொழியிலேயே பேசுகின்றனர். குறியை மாற்ற வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. குறிகளுக்கிடையே ஓடும் எண்ணம் எம்மொழியில் ஓடவேண்டும் என்பதே நம் வினா.

சொற்களைப் பார்ப்போம். பாடநூல்கள் வர்க்கமூலம் என்பதை நாம் இருபடிவேர் என்கிறோம். ஒன்றை நீக்கி அதனிடத்தில் இன்னொன்றை வைப்பதைப் ‘பிரதியிடல்’ என்கின்றனர். அது வடசொல். ‘பதிலீடு’ எனலாமே என்பீராயின், பதில் என்பதும் அயல் வரவே. மாற்றீடு என்பது நம் சொல். பொருளும் பளிச்சென்று விளங்கும். இனிப் ‘பகுதிப் பின்னம்’ என்பதொன்று. ஒரு கீழ்வாயெண்ணில் மேலே நிற்பதைத் தொகுதி என்றும் கீழே நிற்பதைப் பகுதி என்றும் நாம் வழங்குகிறோம். அவ்வாறிருக்கப் ‘பகுதிப் பின்னம்’ என்றால், கீழே நிற்கும் பகுதியைக் குறிப்பதோ என்று பிள்ளை மயங்காதா? ஒரு பெரிய கீழ்வாயைச் சிறு கூறுகளின் கூட்டலாகப் பிரிப்பதே அதன் பொருளாதலின், அதனைக் கூறாக்கம் என்போம். மாற்றீடு, கூறாக்கம் என்னும் இவ்விரு கருவிகளே இன்றைய கணக்குக்குப் போதும்.

இனிக் கணக்கு. செங்கோண முக்கோணம் ஒன்றில் x என்னும் கோணத்துக்கு எதிரே உள்ள பக்கத்தை அடுத்துள்ள பக்கத்தால் வகுத்தால் வருவது tan x. கோணம் சுழியானால் அதுவும் சுழி. கோணம் 45 பாகையானால் அது 1. 90 பாகையை நெருங்க நெருங்க அளவின்றி உயரும். அதன் இருபடிவேரும் அவ்வாறே. அந்த வளைகோட்டுக்கும் கீழ்க்கோட்டுக்கும் இடைப்பட்ட பரப்பை அளக்கும் வாய்பாட்டைக் காண்பதே தொகையீடு. tan x-ஐத் தனியே தொகையிடுதல் எளிது. √X-ஐத் தனியே தொகையிடுதலும் எளிது. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி அமரும்போதே இடர் பிறக்கிறது.

உறுத்துவது இருபடிவேராதலின், அதனை முதலில் அகற்றுவோம்.

tan x = u²

என்று மாற்றீடு செய்தால் √tan x என்பது வெறும் u ஆகிவிடும். இங்கேதான் மாணவர் பலர் முதற்குழியில் வீழ்கின்றனர். √tan x-க்கு u என்று எழுதிவிட்டு, dx-க்கு du என்று எழுதி, விடை u²/2, அஃதாவது tan x-இன் பாதி என்று முடித்துவிடுகின்றனர். x மாறும் விரைவும் u மாறும் விரைவும் ஒன்றல்ல என்பதை மறந்ததன் விளைவு இது. இப்பிழை எவ்வளவு ஏமாற்றும் தன்மையது என்று பாருங்கள். சுழி முதல் 45 பாகை வரை உள்ள பரப்பு இம்முறையில் 0.5 என்று வரும். உண்மைப் பரப்போ 0.4875. நெருங்கி நிற்கிறதே என்று மகிழ்பவன் ஏமாந்தான். விடையைத் திரும்ப வகையிட்டுப் பார்த்தால் பொய் வெளிப்படும். tan x-இன் பாதியை வகையிட்டால், x சுழியாகும் இடத்தில் ½ வருகிறது. வரவேண்டியதோ √tan 0, அஃதாவது சுழி. ஓரிடத்தில் நெருங்கி வருதல் சான்றாகாது. வகையீட்டில் எங்கும் பொருந்துதலே சான்று.

முறைப்படி செய்வோம். tan x-இன் வகையீடு 1 + tan²x. tan x என்பது u² ஆதலின், அது 1 + u⁴. u²-இன் வகையீடு 2u. ஆகவே,

(1 + u⁴) dx = 2u du

dx-க்கு உரிய மதிப்பை இதிலிருந்து எடுத்து வைத்தால், நம் கணக்கு

∫ √tan x dx = ∫ 2u² / (1 + u⁴) du

என்று ஆகிறது. இருபடிவேர் ஒழிந்தது, கோணமும் ஒழிந்தது, கூட்டல், பெருக்கல், வகுத்தல் மட்டுமே கொண்ட ஒரு கீழ்வாய் எஞ்சியது. மாற்றீட்டின் பணி இவ்வளவே.

இக்கீழ்வாயைக் கூறாக்க வேண்டுமாயின், பகுதியாகிய 1 + u⁴ என்பதை இரண்டன் பெருக்கமாகப் பிரித்தாக வேண்டும். பிரியுமா? இவ்வினாவில்தான் உலகப் பேரறிஞர் ஒருவர் தடுக்கி விழுந்தார். தொகையீட்டுக்கு ∫ என்னும் குறியை ஈந்த செருமானிய அறிஞர் இலைபுனிட்சு அவர். 1702-ஆம் ஆண்டு ‘ஆக்டா எருடிடோரம்’ என்னும் இதழில் அவர் எழுதிய கட்டுரையில், x⁴ + a⁴ என்பதை மெய்யெண்களைக் கொண்ட இரண்டு இருபடிக் கோவைகளாகப் பிரித்தல் இயலாது என்றும், ஆதலின் அதனைப் பகுதியாகக் கொண்ட கீழ்வாயை வட்டத்தின் பரப்பாலும் மடக்கையாலும் தொகையிட இயலாது என்றும் கூறினார்.

அவர் சென்ற வழி இது: x⁴ + a⁴ என்பதை முதலில் −1-இன் இருபடிவேரைக் கொண்டு இரண்டாகப் பிளந்தார். அவற்றை மீண்டும் பிளக்கும்போது அப்புனைவெண்ணுக்கே இருபடிவேர் காண வேண்டி வந்தது. அவ்வாறு கிடைத்த நான்கு கூறுகளில் எவ்விரண்டைப் பெருக்கினாலும் மெய்யெண் வாராது என்று எண்ணிவிட்டார். உண்மையில், உரிய இணையைத் தேர்ந்து பெருக்கினால் புனைவெண் தானே அடிபட்டுப் போகும். 1719-ஆம் ஆண்டு, இலைபுனிட்சு மறைந்து மூன்று ஆண்டுகள் கழிந்தபின், அதே இதழில் நிக்கோலாசு பெர்னூலி அப்பிரிவினை எழுதிக் காட்டினார். இயலாது என்று பெரியவர் ஒருவர் சொன்னார் என்பதற்காக ஒன்று இயலாததாகிவிடாது. செய்து காட்டுவார் வரும் வரையே அச்சொல்லுக்கு வாழ்வு.

அதற்குப் புனைவெண்ணும் வேண்டுவதில்லை. பள்ளிச் சிறுவன் அறிந்த வாய்பாடே போதும். 1 + u⁴ என்பதோடு 2u²-ஐக் கூட்டுங்கள். கூட்டியதை உடனே கழித்தும் விடுங்கள். மதிப்பு மாறாது, உருவம் மாறும்.

1 + u⁴ = (1 + u²)² − 2u²

வலப்புறம் ஓர் இருபடியிலிருந்து இன்னோர் இருபடி கழிகிறது. 2u² என்பது √2 u-வின் இருபடியன்றோ? இரண்டு இருபடிகளின் வேறுபாடு, கூட்டுத்தொகையும் வேறுபாடும் பெருகிய பெருக்கம் என்பதை எட்டாம் வகுப்பிலேயே கற்கிறோம். ஆகவே,

1 + u⁴ = (u² − √2 u + 1)(u² + √2 u + 1)

இலைபுனிட்சு தவறவிட்டது இவ்வொரு வரிதான்.

இனிக் கூறாக்கம். இருபடிக் கோவை பகுதியாக நின்றால், அதன் தொகுதியில் u உள்ள உறுப்பும் தனியெண்ணும் இருக்கலாம். ஆதலின்,

2u² / (1 + u⁴) = (Au + B) / (u² − √2 u + 1) + (Cu + D) / (u² + √2 u + 1)

என்று எழுதி A, B, C, D என்னும் நான்கையும் காண வேண்டும். பயிற்சி நிலையங்களில் நான்கு சமன்பாடுகளை எழுதி ஒரு பக்கத்தை நிரப்புவர். அத்துணை உழைப்பு வேண்டுவதில்லை. இடப்புறத்தைப் பாருங்கள்: u-க்கு −u என்று இட்டாலும் அது மாறுவதில்லை. வலப்புறத்திலோ அவ்வாறு இட்டால் இரண்டு பகுதிகளும் ஒன்றன் இடத்தில் மற்றொன்றாக இடம் மாறுகின்றன. இரண்டு புறமும் ஒத்திருக்க வேண்டுமாயின் C என்பது −A ஆகவும், D என்பது B ஆகவும் இருந்தாக வேண்டும். அடுத்து u-வைச் சுழியாக்குங்கள். இடப்புறம் சுழி, வலப்புறம் B + D. இரண்டும் ஒன்றே என்றோம். கூட்டினால் சுழி என்கிறோம். ஆகவே இரண்டும் சுழியே. எஞ்சுவது A மட்டும். இரு கூறுகளையும் மீண்டும் ஒன்றாக்கினால் தொகுதி 2√2 A u² என்று வரும். அது 2u² ஆக வேண்டும்; எனவே A = 1/√2.

2u² / (1 + u⁴) = (1/√2) [ u/(u² − √2 u + 1) − u/(u² + √2 u + 1) ]

இனி ஒவ்வொரு கூறையும் தொகையிடுவோம். ஒரு கீழ்வாயின் தொகுதி அதன் பகுதியின் வகையீடாக அமைந்தால், தொகையீடு அப்பகுதியின் மடக்கையாகும். முதற்கூற்றின் பகுதியை வகையிட்டால் 2u − √2 வரும். நம்மிடம் தொகுதியில் இருப்பதோ u. அந்த u-வை, 2u − √2 என்பதன் பாதியும் அதனோடு 1/√2-உம் சேர்ந்தது என்று பிரித்தெழுதுங்கள். முற்பங்கு மடக்கையின் பாதியைத் தரும். பிற்பங்கில் தனியெண்ணே தொகுதி. அதன் பகுதியை (u − 1/√2)² + 1/2 என்று நிறைவிருபடியாக எழுதினால், அது tan⁻¹ வாய்பாட்டில் அடங்கும். இரண்டாங் கூறும் இவ்வாறே; குறி மட்டும் மாறும். யாவற்றையும் தொகுத்தால் முடிவு இது:

∫ √tan x dx = (1/(2√2)) ln [ (u² − √2 u + 1)/(u² + √2 u + 1) ] + (1/√2) [ tan⁻¹(√2 u − 1) + tan⁻¹(√2 u + 1) ] + C

இங்கு u என்பது √tan x. C என்பது மாறிலி. Ln என்பது இயல்மடக்கை. மடக்கையால் இயலாது, வட்டத்தால் இயலாது என்று 1702-இல் சொன்னார்களே, அவ்விரண்டும் ஒருசேர வந்து நிற்பதைக் காண்க!

முடிந்ததா? கணக்கு முடிந்தது, ஆய்வு முடியவில்லை. விடை மெய்யானதா என்று எண் இட்டுப் பார்க்க வேண்டும். சுழி முதல் 45 பாகை வரை எடுப்போம். u சுழியிலிருந்து 1 வரை செல்கிறது. u சுழியாகும்போது மடக்கை சுழி. இரண்டு கோணங்களும் ஒன்றையொன்று அழித்துக் கொள்கின்றன. u = 1 ஆகும்போது இரண்டு கோணங்களும் π/8, 3π/8 என்று வந்து, கூடிப் π/2 ஆகின்றன. அதனால் 1.1107 கிடைக்கிறது. மடக்கைப் பங்கோ −0.6232. இரண்டும் சேர்ந்து 0.4875. முன்னர் நான் சொன்ன உண்மைப் பரப்பு இதுவே.

இப்பொழுது இக்கணக்கின் ஆழ்குழிக்கு வருகிறேன். இது தேர்ந்தவரையும் வீழ்த்துவது. இரண்டு tan⁻¹ நிற்பது அழகாயில்லை என்று, அவற்றைக் கூட்டல் வாய்பாட்டால் ஒன்றாக்குவர்.

tan⁻¹(√2 u − 1) + tan⁻¹(√2 u + 1) = tan⁻¹[ √2 u / (1 − u²) ]

சுருக்கம், அழகு, நூல்களிலும் இத்தகைய வடிவைக் காணலாம். இதைக் கொண்டு சுழி முதல் 90 பாகை வரை பரப்பைக் கணக்கிடுங்கள். u சுழியாகும்போது சுழி. u எல்லையின்றி வளரும்போது √2 u/(1 − u²) சுழியை நெருங்குகிறது. ஆகவே அங்கும் சுழி. மடக்கையோ இரு முனையிலும் சுழி. பரப்பு சுழி என்று விடை வருகிறது!

இது எவ்வாறு பொருந்தும்? √tan x அவ்விடைவெளி முழுவதும் சுழிக்கு மேலேயே நிற்கும் வளைகோடு. மேலே நிற்கும் கோட்டின் கீழே பரப்பு இல்லாமற் போகுமா? பிழை எங்கே என்று தேடுங்கள். u = 1 ஆகும் இடத்தில், அஃதாவது 45 பாகையில், 1 − u² சுழியாகிறது. அதற்குச் சற்று முன் tan⁻¹ π/2-ஐ நெருங்குகிறது. அதைத் தாண்டிய கணமே −π/2-க்குத் துள்ளி வீழ்கிறது. பிரித்து எழுதிய இரு கோணங்களோ அவ்வாறு துள்ளுவதில்லை. அவற்றின் கூட்டல் π/2-ஐக் கடந்து π வரை இடையறாது உயர்கிறது. ஒன்றாக்கிய வடிவில் π அளவு களவு போயிற்று. அதனை √2-ஆல் வகுத்தால் π/√2, ஏறத்தாழ 2.2214. சுழி முதல் 90 பாகை வரை உள்ள மெய்ப்பரப்பு அதுவே. களவு போன அளவும் முழுப்பரப்பும் ஒன்றாயிருத்தலின்தான் மிச்சம் சுழியாயிற்று.

ஒன்றாக்கியே தீரவேண்டுமாயின், tan⁻¹[ (u² − 1)/(√2 u) ] என்னும் வடிவை ஆளலாம். u சுழிக்கு மேற்பட்ட இடமெல்லாம் அது துள்ளாது, −π/2 முதல் π/2 வரை சீராக ஏறும், வேறுபாடு π. நாம் கண்ட விடையின் கோணப்பங்குக்கும் இதற்கும் π/2 என்னும் மாறிலி அளவே வேறுபாடு. ஆதலின் இருவர் இருவேறு வடிவில் விடை எழுதினால், ஒன்று பிழை என்று ஆசிரியர் கோடிட்டுவிடக் கூடாது. ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்து, எஞ்சுவது இடைவெளி முழுவதும் ஒரே எண்ணாக நிற்கிறதா என்று பார்த்தல் வேண்டும். நடுவில் ஓரிடத்தில் அவ்வெண் மாறுமாயின் அங்கே துள்ளல் உண்டு.

90 பாகையில் வளைகோடு அளவின்றி உயர்கிறதே, பரப்பு மட்டும் எவ்வாறு அளவுக்குள் நிற்கிறது என்று ஒரு மாணவர் கேட்கலாம். நல்ல கேள்வி. 90 பாகைக்கு t என்னும் சிறு தொலைவில் tan ஏறத்தாழ 1/t. அதன் இருபடிவேர் 1/√t. சுழி முதல் t வரை அதன் பரப்பு 2√t. T சிறுக்க அதுவும் சிறுத்துச் சுழியாகும். உயரம் பெருகும் விரைவினும் அகலம் குறுகும் விரைவு மிகுதி. இருபடிவேர் இல்லாத tan x-க்கு இந்நற்பேறு இல்லை. அதன் பரப்பு முடிவின்றிப் பெருகும்.

பெருமக்களே! ஏறத்தாழ அரைமணி நேரம் பேசியிருக்கிறேன். குறிகளைத் தவிர ஆங்கிலச் சொல் ஒன்றேனும் வேண்டியிருந்ததா? எங்கே இடர் தோன்றியது என்று எண்ணிப் பாருங்கள். dx-ஐ மாற்ற மறந்த இடத்தில். 1 + u⁴-ஐப் பிரிக்கத் தெரியாத இடத்தில். 45 பாகையில் துள்ளலைக் காணாத இடத்தில். இம்மூன்றில் எது மொழியால் வந்த இடர்? இலத்தீனில் எழுதிய இலைபுனிட்சே இரண்டாம் இடத்தில் தடுக்கினார். இடர்ப்பாடு பொருளில் உள்ளது. அதனைத் தாண்டுவதற்கு வேண்டுவது தெளிந்த எண்ணம். தெளிந்த எண்ணம் பிள்ளைக்குத் தாய்மொழியில் ஓடுவது போல் வேறெதிலும் ஓடாது.

ஆயினும் நாட்டு நடப்பு எவ்வாறுள்ளது? இம்மயிலையில் அள்ளாடி இராமகிருட்டிணனாரின் இல்லத்தில் உலக அறிஞர் வந்து உரையாற்றினர். 1960-இல் நீல்சு போர் வந்தார். அதன் தொடர்ச்சியாக 1962-இல் கணக்கறிவியல் கழகம் பிறந்தது. பெருமைதான். அங்கே ஒலித்தது ஆங்கிலம். அடையாற்றங்கரைக்கு அருகே 1959-இல் எழுந்த இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் நுழைவதற்கு இரண்டு தேர்வுகள். முதன்மைத் தேர்வை 2021 முதல் தமிழிலும் எழுதலாம். அடுத்த மேனிலைத் தேர்வோ ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே நடக்கிறது. முதற்படி ஏறிய தமிழ்ப்பிள்ளைக்கு இரண்டாம் படியில் தாய்மொழி இல்லை. இந்தி பேசும் பிள்ளைக்கு இருபடியிலும் உண்டு. அதே ∫, அதே √, அதே tan. குறிகளுக்கு இடையே வரும் நான்கு சொற்களைத் தமிழில் அச்சிட மனமில்லாமையே இதன் கரணியம். அத்தேர்வும் தமிழில் வரவேண்டும் என்பது இந்த அவையின் கோரிக்கையாகட்டும்.

கோரிக்கையோடு நம் கடன் தீர்ந்துவிடாது. இங்குள்ள கணக்காசிரியர் ஒவ்வொருவரும், இதுபோன்ற கடுங்கணக்கு ஒன்றனை எடுத்து, அதன் குழிகளையும் சேர்த்து, நல்ல தமிழில் முழுமையாக எழுதி மாணவர் கையில் தரவேண்டும். இன்று நான் சொன்ன கணக்கோடு √cot x-ஐக் கூட்டித் தொகையிட்டால் மடக்கை முற்றும் மறைந்து, ஒரே ஒரு கோணம் எஞ்சும். அது ஏன் என்று காணும் வேலையை இங்கு அமர்ந்துள்ள மாணவரிடம் விடுகிறேன். u² − √2 u + 1 என்னும் கோவையைக் கையில் பிடித்துக்கொண்டு தொடங்குங்கள். எண்ணுவதைத் தமிழில் எண்ணுங்கள்.

தமிழ் வெல்க!